ஒரே ஜூன் ஒன்று

கையெழுத்துப் போட்டதும் மை காய மூன்று முறை ஊதுவது ஜெயச்சந்திரனின் வழக்கம். 2009இல் வில்பட்டியிலிருந்து ஆறு பதிவுத்தபால்களுக்கு அப்படி ஊதினார். அவர் வாங்காத பைக்கின் பாக்கி அவருடைய கடன் அறிக்கையில் ஏறி, டாக்சி வாங்க அவர் கேட்ட கடனை மறித்துக்கொண்டிருந்தது.

பைக்குக் கடன் கொடுத்த கம்பெனி உறுதி செய்யாமல் திருத்த முடியாது என்று எழுதியது மும்பையிலிருந்த கடன் தகவல் நிறுவனம். கம்பெனியின் திண்டுக்கல் மேலாளரோ, “பேரு, பிறந்த தேதி ரெண்டும் ஒத்துப்போகுதே, நீங்கதாங்க அது” என்றார்.

“அப்ப அந்த பைக்கையாவது கேட்டு ஓட்டிட்டு வாங்க” என்றாள் மனைவி இந்து.

அவர் ஏழாவது கடிதத்தையும் ஊதினார்.

சிறுவயதில் அவரோடு இலங்கையிலிருந்து வந்து பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் எல்லாருக்கும் தலைமையாசிரியர் ஒரே வருடத்து ஜூன் ஒன்றையே பிறந்த தேதியாக எழுதியதும், அவர்களில் இன்னொரு ந. ஜெயச்சந்திரன் இருந்ததும் பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது.