பாலில் கலந்த பொடி

என் தம்பி மகன் ஒற்றைக் கையால் லாரியைத் தூக்குவான். சரி, லாரி என் கைச்சரக்கு. தூக்கியது பைக்கின் பின்சக்கரம்தான். ஜிம்மில் பயிற்சியாளன். அவனுடைய ஆறு வயது மகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை: உடம்பில் இருக்க வேண்டிய கார்னிடைன் சிறுநீரோடு போய்விடும். கொழுப்பைச் செல்லுக்குள் எரியும் இடத்துக்குச் சுமந்து போவது அதுதான். அது குறைந்தால் இதயம் தளரும். அதனால் தினமும் மூன்று வேளை கார்னிடைன் மருந்து.

ஒருமுறை மருந்து தீர்ந்தது. கடையில் வர மூன்று வாரமாகும் என்றார்கள்.

"ஜிம்ல இருக்கிற கிரியேட்டினும் தசைக்குத்தானே அத்தை? இது இன்னும் ஸ்ட்ராங்கு" என்று அவன் பாலில் கலக்கிக் கொடுத்தான். கிரியேட்டின் உதவுவது, எடை தூக்கும் அந்தச் சில நொடி வேகத்துக்கு. கொழுப்பை அது சுமக்காது.

பதினெட்டாம் நாள் குழந்தை மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

"உன் பொடிதான்டா பிள்ளையைக் கொன்னுச்சு!" என்று கத்தினேன்.

அவன் மனைவி தலை நிமிர்ந்தாள்.

"பொடி ஒண்ணும் பண்ணல அத்தை. மருந்தை நிறுத்தினதுதான்."