மகளுக்கு வாய்த்த வயிறு

என் மனைவியின் வயிற்றைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. கல்யாணம் ஆன புதிதிலேயே தொடங்கிய பொறாமை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் ஐஸ் போட்ட சர்பத், நறுக்கித் திறந்து வைத்த மாங்காய், பானிபூரித் தண்ணீர் எல்லாம் உள்ளே போகும். அவளுக்கு ஒரு ஏப்பத்தோடு சரி. நான் அதில் ஒரு வாய் வைத்தால் இரண்டு நாள் வீட்டை விட்டு நகர முடியாது. அவள் சப்புக்கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன கொதித்து ஆறிய தண்ணீரைக் குடித்தபடி கடுகடுவென்று நிற்பேன்.

மகள் பிறந்தபோது நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். மற்றதெல்லாம் யார் மாதிரி இருந்தாலும் சரி, வயிறு மட்டும் அம்மாவுடையதாக இருக்கட்டும்.

போன வருஷம் அரியலூரில் மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது மகளுக்குப் பசி. அப்போது அவளுக்கு ஐந்து வயது. வரிசையாகத் தள்ளுவண்டிகள். வழக்கம்போல் கூட்டம் அதிகமுள்ள கடையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அங்கே மாவு தேங்காது, தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். என் தோசைக்குப் பொடி மட்டும் கேட்டு வாங்கினேன்.

ஆள் சேரச் சேரச் சட்னி குறைந்தது. கடைக்கார அம்மா டிரம்மிலிருந்து இரண்டு சொம்பு பச்சைத் தண்ணீரை மொண்டு சட்னியில் ஊற்றிக் கலக்கினார். கூட்டம் செய்கிற வேலை இது. தோசையைச் சூடாக வைத்திருக்கும், சட்னியை நீர்க்க வைத்துவிடும். பிள்ளைக்குச் சட்னி வேண்டாம் என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இத்தன பேரு திங்கிறாங்க, உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் பயம். அவ எம் பொண்ணு."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. அதற்குள் மகள் தோசையைச் சட்னியில் முக்கி வாயில் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் வாந்தியும் பேதியும். அதே சட்னியைத் தின்ற மனைவிக்கு ஒன்றுமில்லை, அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னபடி ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஆறிய வெந்நீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். வாடிக் கிடந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மகள் தேறிவிட்டாள். என் வேண்டுதல் மட்டும் பலிக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் கடை முன்னால் நின்றாலும் மகள் அம்மாவின் கையை விட்டுவிட்டு என் சட்டையை இழுக்கிறாள்.

"அப்பா, இத நாம சாப்புடலாமா?"

நாம என்றால் அவளும் நானும். போன வாரம் அவள் அப்படிக் கேட்டபோது மனைவி சர்பத் கிளாஸோடு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், அத்தனை வருஷம் அவளை நான் பார்த்த பார்வை.

சர்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு, என் தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.