மஞ்சள் தடவாத கடிதம்

புல்லாவிளை மாடசாமி கோயிலுக்கு அந்த ஆண்டு கூரை இல்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வீங்கி, காங்கிரீட் பாளம் பாளமாக விழுந்ததால் சித்திரையிலேயே இடித்து இறக்கிவிட்டார்கள். இடிப்பதற்கு முன் பாலாலயம் நடந்தது. சாமியைக் கும்பத்து நீருக்கு மாற்றி, அருகில் ஓலைக் கொட்டகையில் வைத்தார்கள். கும்பாபிஷேகம் முடிந்து சாமி திரும்ப ஏறும்வரை ஊரில் கொடைவிழா கிடையாது. ஏழடி உயரச் சுதைச் சிலை மட்டும் வெட்டவெளியில் நின்றது. புதிதாகப் பூசுவதற்காகப் பழைய வர்ணத்தையும் மேல்பூச்சையும் கொத்தி எடுத்திருந்தார்கள். இனி ஒரு பெருமழையைக்கூடச் சிலை தாங்காது, முகம் கரைந்தால் மறுபடி ஒட்டித் தர மாட்டேன் என்று சிற்பி சொல்லிவிட்டுப் போனார்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்த தலைக்கட்டு வரி முழுவதும் இடிப்புக்கும் கம்பிக்கும் தீர்ந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். மிஞ்சியவர் மந்திரமூர்த்தி ஒருவர்தான். சாகுபுரம் ஆலையில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாருக்கு என்ன எழுத வேண்டியிருந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். வெண்பா கட்டத் தெரியும். அது பெரிய திறமை என்று அவரே நினைத்ததில்லை. எதுகை கிடைத்துவிட்டால் உண்மை கிடைத்துவிட்டதாக மனம் ஏமாந்துபோகும் என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் உண்டு.

ஊர்க்காரர்களில் பாதிப்பேர் தூத்துக்குடியிலும் சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் சிலையின் படத்தைப் போட்டார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. பணம் வரவில்லை. கோயில் காரியத்துக்குக் கையில் கடிதம் வர வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். எனவே கடிதம் எழுத உட்கார்ந்தார். பிள்ளையார் சுழி, ‘அருள்மிகு மாடசாமி துணை’, அதன் கீழே வெண்பா:

கூரை இழந்தாய் குளிர்காற்றில் நிற்கின்றாய்
ஆரை அழைத்தினி யாமழுவோம் – காரைச்
சுவரும் கரையுதே சூழ்மழை முன்னே
எவர்வந்து காப்பார் இனி.

பிறகு ‘பேரன்புடையீர்’ என்று தொடங்கி, கூரை, தரை, சுற்றுச்சுவர் என்று ஆக வேண்டிய வேலைகளை எழுதினார். ஒரு தலைக்கட்டுக்கு எவ்வளவு, கல்வெட்டில் பெயர் வர எவ்வளவு, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்மக்களுக்கு வரி இல்லை, விரும்பியதைத் தரலாம், சிமெண்டாகவோ அரிசியாகவோ கொடுத்தாலும் சரி என்றெல்லாம் வரிசையாக வந்தன. ஓரத்தில் வங்கிக் கணக்கும் போனில் ஸ்கேன் செய்கிற கட்டமும். கடைசியில், இங்ஙனம், மந்திரமூர்த்தி. வேறு யாரும் கையெழுத்துக்கு வரவில்லை.

தூத்துக்குடியில் கிளாட்வின் அச்சகத்தில் கொடுத்தார். சிவப்பும் மஞ்சளுமாகப் போடவா என்று கிளாட்வின் கேட்டார். செலவை நினைத்து, கறுப்பே போதும் என்றார். போன வருடம் இறந்த மந்திரமூர்த்தியின் மனைவி செல்லக்கனிக்குப் பதினாறாம் நாள் பத்திரிகை அடித்ததும் அதே அச்சகம்தான். கம்ப்யூட்டரில் கிடந்த அதே அளவில், அதே எழுத்தில் கடிதம் அழகாக வந்தது. நூற்றைம்பது பிரதி. நாற்பதைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதைத் தபாலில் போட்டார். மூலையில் மஞ்சள் தடவவில்லை. யோசித்தே அதை விட்டார். சாமி கும்பத்தில் இருக்கிறது, நாளும் குறிக்கவில்லை, மஞ்சளைக் கும்பாபிஷேக அழைப்பிதழுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

இருபத்தைந்து நாள் ஆயிற்று. ஒரு பைசா வரவில்லை. ஐப்பசி பிறந்தது. கிழக்கே கடல்மேல் தினமும் கறுத்துக் கூடியது. காலையில் எழுந்ததும் அவர் முதலில் வானத்தைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். வங்கிக்கு நேரில் போய்ப் புத்தகத்தைப் பதிந்து வந்தார். வட்டி மட்டும் ஏறியிருந்தது. ஊர் தன்னைக் கைவிட்டதா, சாமியைக் கைவிட்டதா என்று யோசித்தார். இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியபோது பயமாக இருந்தது.

கடைசியில் துறைமுகச் சாலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் செந்தூர்வேலிடம் போனார். கடிதம் வந்ததா என்று கேட்டார். செந்தூர்வேல் தராசுத் தட்டைத் துடைத்தபடி நின்றான். கண்ணைப் பார்க்கவில்லை.

“வந்துச்சு அண்ணாச்சி. பிரேமா வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டா.”

“கோயில் கடிதாசிய ஒம் பொஞ்சாதி எதுக்குல கிழிச்சா?” என்றார் மந்திரமூர்த்தி.

“கறுப்பு எழுத்து. மேல நாலு வரி அழுகப் பாட்டு. மூலையில மஞ்சளு இல்ல. யாருக்கோ பதினாறுன்னு நெனச்சிட்டா. அதையெல்லாம் யாரு வீட்டுக்குள்ள கொண்டுபோவா? நானும் பொறவு துண்டைப் பொறுக்கிப் பாத்தேன். கட்டம் இருந்துச்சு. துட்டி வீட்டுலயும் இப்பம் போன்லயே மொய் கேக்கானுவளான்னு நெனச்சேன்.”

“ஏலே, பிள்ளையார் சுழி போட்டிருக்கேனே.”

“சுழிய யாரு பாக்கா? நீங்க மதினிக்கு அடிச்சீங்கல்லா, அது மாரியே இருந்துச்சு. அந்தப் பாட்டுங்கூட.”

மந்திரமூர்த்தி பெஞ்சில் உட்கார்ந்தார். மீதிக் கட்டு பையில் இருந்தது. ஒன்றை எடுத்து, முதன்முறையாகப் பிறத்தியாரைப் போலப் படித்தார். செல்லக்கனிக்கு எழுதிய வெண்பாவும் ‘இனி’ என்றுதான் முடிந்திருந்தது. காப்பவனிடமே, உன்னைக் காப்பவர் யார் என்று கேட்டிருக்கிறார். கேட்டபோது யாரை நினைத்துக்கொண்டிருந்தார்? ஒரு வருடமாக அவருக்கு வேறு பாட்டே வந்திருக்கவில்லை. ஊர் பிழையாகப் படிக்கவில்லை. எழுதியதைத்தான் படித்தது.

செந்தூர்வேல் உப்பு லாரிக்காரரிடம் சொல்லி ஒரு தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தான். அதை நான்கு சவுக்குக் கம்பில் கட்டிச் சிலைமேல் விரித்தார். மூன்றாம் நாள் மழை வந்தது. கிழக்குக் காற்று தார்ப்பாயின் ஒரு முனையை அறுத்துப் புரட்டியது. அவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு முனையைக் கையால் இழுத்துப் பிடித்து நின்றார். மழை முழுவதும் நின்றார். எழுபது வயதுக் கை இரண்டு பக்கத்தையும் எட்டவில்லை. முகத்தை மூடினால் வலப்பக்கம் திறந்தது. முகத்தை மூடினார். அரிவாள் பிடித்த வலக்கை முழங்கையோடு ஊறிக் கனத்து, சத்தம்கூட இல்லாமல் கீழே விழுந்து சேறானது.

மழை விட்டதும் ஈர வேட்டியோடு வீட்டுக்கு வந்து மஞ்சளைக் குழைத்தார். நாற்பது கடிதத்தின் நான்கு மூலையிலும் தடவினார். வெண்பாவை அடித்துவிட்டு வேறு எழுதப் பேனாவை எடுத்தார். சந்தோஷமாக ஒரு வரி வருமா என்று வெகுநேரம் பார்த்தார். வரவில்லை. பொய்யாக ஒன்று கட்டியிருக்கலாம், அது அவருக்கு நிமிட வேலை. கட்டவில்லை. பாட்டைக் கோடு போட்டு அடித்து, அதன் பக்கத்தில், ‘சாமி மழையில் நிற்கிறது’ என்று மட்டும் நாற்பதிலும் கையால் எழுதினார்.

வெற்றிலை பாக்கும் ரசீதுப் புத்தகமுமாகப் பஸ் ஏறி, முதலில் செந்தூர்வேல் வீட்டுக்குப் போனார். தூறிக்கொண்டிருந்தது. கடிதம் பைக்குள் நனைந்து, மஞ்சள் எழுத்தின்மேல் ஓடியிருந்தது. கதவைத் திறந்த பிரேமா கடிதத்தைப் பார்த்தாள், அவர் நடுங்குவதைப் பார்த்தாள். தலையில் சேலையை இழுத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“சாமி கை போயிட்டுன்னு சொல்லுதாவளே, நெசமா அத்தான்?”

“கைதாம்மா போயிருக்கு. முகம் இருக்கு.”

அவள் கடிதத்தோடு உள்ளே போனாள். பூஜை அறையில் விளக்கேற்றத் தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டது. மந்திரமூர்த்தி வாசலில் நின்றபடி ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். முதல் தாள் இன்னும் வெறுமையாக இருந்தது. வெளியே மழை மறுபடி வலுத்தது. முப்பத்தொன்பது வீடு பாக்கி.