மச்சானின் வெள்ளைச் சட்டை

மலேசியாவில், கிள்ளானில் என் மனைவியின் அண்ணன் சேலைக் கடை வைத்திருக்கிறார். நான் ஸ்டாப் மோஷன் எடுப்பவன். பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரு படம் பிடித்து, அது தானே அசைவதுபோல் ஓடவிடும் வேலை. மச்சானுக்கு அதெல்லாம் விளையாட்டு.

"ரெண்டு நாள் தரேன் மாப்ள. சேலை தானா மடியிற மாதிரி காட்டு. சரியா வரலன்னா இதெல்லாம் மூட்ட கட்டிட்டு கடையில வந்து உக்காரு லா," என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி என்றுவிட்டேன்.

மேகம் வெயிலை மறைத்தால்கூடப் படம் மங்கும் என்பதால் கடை மாடியிலிருந்த ஸ்டோரின் ஜன்னல்களை அட்டையால் அடைத்தேன். டியூப் லைட்டை அணைத்து இரண்டு எல்.இ.டி. விளக்குகளை மட்டும் வைத்தேன். கேமராவில் எக்ஸ்போஷர், ஃபோகஸ், வண்ணம் எதுவும் தானாக மாறாதபடி பூட்டினேன். நொடிக்குப் பன்னிரண்டு படம். இருபத்து நான்கு வைத்தால் அசைவு இன்னும் வழுக்கிக்கொண்டு போகும்தான். ஆனால் பத்து நொடிக்கு இருநூற்று நாற்பது முறை குனிய என் முதுகு சம்மதிக்கவில்லை. நூற்றிருபதோடு நிறுத்திக்கொண்டேன்.

லேப்டாப்பில் ஆனியன் ஸ்கின்னைப் போட்டால், முன்பு எடுத்த படம் இப்போதைய காட்சியின்மேல் மங்கலாகப் படியும். அதை வைத்து, முந்தானை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மடித்தேன். மச்சான் அவ்வப்போது பெட்டி எடுக்க மேலே வந்துபோனார்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். மடிப்பு அழகாக வந்திருந்தது. ஆனால் சேலை கண்ணடித்தது. பளிச், மங்கல், மறுபடி பளிச். விளக்கு, ஒயர், பிளக் என்று வாயில்லாத எல்லாவற்றையும் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன். ஏழாவது படம் எடுக்கப் போகும்போது, கை வைக்காமலேயே திரையில் சேலை வெளுத்தது. முந்தைய படத்தையும் இப்போதைய காட்சியையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. திரும்பினால், என் தோளுக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு மச்சான். சலவை மடிப்புக் கலையாத அவருடைய வெள்ளைச் சட்டையில் பட்ட விளக்கொளி, திரும்பிச் சேலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

நேற்றைய படத்தைத் திறந்து பளிச்சிட்ட இடங்களை எண்ணினேன்.

"மச்சான், நேத்து மட்டும் பதினேழு தடவ வந்து பாத்திருக்கீங்க."

"யாரு, நானா? பெட்டி எடுக்க வந்தேன் லா," என்று கீழே இறங்கிப் போய்விட்டார். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கடைக்குக் கறுப்பு உடுத்துவது ஆகாது என்று ஊருக்கே சொல்பவர், எங்கிருந்தோ ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டைப் போட்டிருந்தார். முக்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கீழ கடைய யாரு பாக்குறா மச்சான்?"

"மூடிட்டேன். நீ சேலைய நகத்து."