இரும்பு இல்லாத இரும்பு நோய்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவருக்கு, மாணவர்கள் வைத்த பெயர் 'பிரேக்கு'. நாள் முழுக்க அதைத்தான் கத்துவார். உடம்பு அசதியாக இருக்கிறதே என்று ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தார். அதில் ஃபெரிட்டின் என்ற அளவு ஆயிரத்து நானூறு என்று வந்தது. இருக்க வேண்டியதைப் போல நாலைந்து மடங்கு.

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. மச்சினன் செல்போனில் தேடி, "மாமா, உடம்பு பூரா இரும்பு ஏறிடுச்சு. ரத்தத்த எடுத்துக் கொட்டணும்" என்றான். மனைவி கீரையை நிறுத்தினாள், இரும்புத் தோசைக்கல்லைப் பரணில் ஏற்றினாள். அவர் ரத்த வங்கிக்கே போய், "வாரம் ஒரு பாட்டில் எடுத்துக்குங்க" என்று நின்றார். டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரம்மா அறிக்கையை இப்படியும் அப்படியும் புரட்டினார். "இரும்பு ஏறியிருக்குன்னு யார் சொன்னது?"

"என் மச்சினன்."

"அவர் எங்க பிராக்டிஸ் பண்றார்?"

மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஃபெரிட்டின் இரும்ப சேர்த்து வைக்கிற புரதம். ஆனா கல்லீரல் அடிபட்டாலும், உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தாலும், இரும்பு கூடாமலே அது எகிறும். தண்ணி போடுவீங்களா?"

"எப்பவாவது."

"தினமும் எப்பவாவது" என்றாள் மனைவி.

அவருக்கு முகம் கடுத்துவிட்டது. டாக்டரம்மா கண்டுகொள்ளாமல் எழுதினார். வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று ஒரு கணக்கு. அழற்சி, சர்க்கரை, மஞ்சள் காமாலைக் கிருமிகள், வயிற்று ஸ்கேன். இத்தனைக்கும் அலைந்ததில் அவருக்கு வகுப்புகள் போயின, கோபம் மிஞ்சியது.

நிரம்பல் இருபத்தெட்டு சதவீதம்தான். "இரும்பு மிஞ்சியிருந்தா பெரும்பாலும் இது நாற்பத்தஞ்சுக்கு மேல போயிருக்கும்." அழற்சி இல்லை, கிருமி இல்லை. கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லையில். ஃபெரிட்டின் ஆயிரத்தைத் தாண்டியதால் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். கல்லீரலில் இரும்பு சேரவில்லை.

"அப்ப ரத்தம் எடுக்க வேணாமா?" ஏமாந்தவர் போலக் கேட்டார்.

"வேண்டாம். குடிய மொத்தமா நிறுத்துங்க. தொப்பையக் குறைங்க. தினமும் நடங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

"ஊசி, மாத்திரை?"

"கிடையாது."

"காரோட்டக் கத்துக்குடுக்கிறவன நடக்க விடறாங்க!" என்று வழியெல்லாம் பொருமினார். கீரை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்பதை மனைவிக்குப் புரியவைக்க மூன்று சண்டை தேவைப்பட்டது. குடிக்காத மாலைகள் அவரை இன்னும் சிடுசிடுப்பாக்கின. மாணவர்கள் பயந்து, அவர் சொல்லும் முன்பே பிரேக்கை மிதித்தார்கள்.

மறுபரிசோதனையில் நானூற்றுப் பத்து.

"இன்னும் ஜாஸ்திதானே?" என்று எரிந்து விழுந்தார்.

"இறங்கிட்டே வருதுல்ல? கல்லீரல் கொழுப்பு கரைய இன்னும் நாளாகும்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மச்சினனின் அழைப்பு. "மாமா, நானும் டெஸ்ட் பண்ணேன். எனக்கு அறுநூறு. ரத்தம் எடுத்துடலாமா?"

பிரேக்கு கண்களை மூடி, பெருமூச்சு விட்டார். "முதல்ல அந்தப் போனைக் கீழ வை."