கட்டு எடுத்த கை

சிவகாசியில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் வேலை பார்த்தேன். ஒருநாள் ஒரு தாயும் மகளும் போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மகளின் அக்கா கல்யாணத்தில் எடுத்தது. பட்டுச்சேலையில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் முழங்கை வரை கட்டு; கழுத்திலிருந்து தூக்கிக் கட்டிய துணி. பட்டாசுக் கம்பெனியில் தீப்பிடித்ததில் வெந்த கை.

"புதுசா எடுத்திருவோமே," என்றேன்.

"கட்டு அவுத்தாச் சரியாயிரும்னு நெனச்சிருந்த நேரம் தம்பி அது. பெறகு இவ போட்டோவுக்குச் சிரிக்கவே இல்ல," என்றார் தாய். "மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும், கட்ட மட்டும் அழிச்சுக் குடுங்க. பேச்சு முடியட்டும், கையப் பத்தி நானே சொல்லிக்கிடுறேன்."

மகள் சேலைத்தலைப்பால் கையை மூடிக்கொண்டாள்.

போட்டோவை ஸ்கேன் செய்து உட்கார்ந்தேன். துணி மறைத்த இடத்துக்குக் கீழ்மடிப்பிலிருந்து சேலையை எடுத்து, கோடு பிசகாமல் ஏற்றினேன். வலது கைத் தோலைத் திருப்பிப் போட்டால் வெளிச்சம் தப்பான பக்கத்தில் விழுந்தது. ஒரு ஓரத்தை இருட்டாக்கி மறு ஓரத்தை வெளுக்க வேண்டியிருந்தது. கை பொம்மையின் கை போல வழுவழுவென்றிருக்க, படத்தின் பொடிப்பொடிப் புள்ளிகளை அதன் மேலும் தூவினேன். துணியின் நிழலையும் அழித்தேன். மடங்கிய கை அப்படியே வயிற்றின் மேல் இருந்தது. வெட்கப்பட்டு வைத்தது போலிருந்தது.

"இப்படித்தாண்ணே இருந்துச்சு," என்றாள் மகள்.

எங்கள் முதலாளிக்கு அது போதாதா? கட்டோடு ஒன்று, கட்டில்லாமல் ஒன்று என்று பிரிண்ட் போட்டு வாசல் கண்ணாடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

"பொம்பளப்பிள்ள படம் மொதலாளி. ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்," என்றேன்.

"ஏலே, நம்ம வேலைய நாலு பேரு பார்த்தாத்தானே ஆர்டர் வரும்? நீ ஒன் சோலியப் பாரு."

மாப்பிள்ளை வீட்டார் எம். புதுப்பட்டிக்காரர்கள். படம் பிடித்துப்போய், பெண் பார்க்க வருமுன்னே கல்யாணப் பத்திரிகை மாதிரிகளைப் பார்க்கச் சிவகாசிக்கு வந்திருக்கிறார்கள். நாசமாய்ப் போக, எங்கள் கடை வழியாகத்தான் அச்சகத்துக்குப் போக வேண்டும். மாப்பிள்ளையின் தாய் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார். பிறகு என்னிடம் வந்து, "இந்தப் பிள்ள கை இப்ப எப்படியிருக்கு?" என்று கேட்டார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. பத்திரிகை பார்க்காமலே ஊருக்குத் திரும்பினார்கள்.

அவர்கள் வீட்டிலும் எல்லாரும் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான்.

மறுநாள் அந்தப் பெண் தனியாக வந்தாள். முதலாளி பதறிப்போய்க் கண்ணாடியைத் திறந்து படங்களைக் கழற்றப் போனார். அவள் தடுத்தாள்.

"இருக்கட்டும், கழட்டாதீக," என்று சேலைத்தலைப்பை விலக்கினாள். சுருங்கி, விரல்கள் ஒட்டிய கையைக் கண்ணாடிக்குள் அந்த இரண்டு படங்களுக்கும் பக்கத்தில் நீட்டினாள். "இதையும் ஒரு போட்டோ எடுத்து மூணாவதா மாட்டுங்க. ஒங்க தொழிலு இன்னும் நல்லா நடக்கும்."