கேட்காமல் விட்ட தேதி

அட்டைப்பெட்டிக் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் ஒரு பிஸ்கட் கம்பெனி. இங்கிருந்து அவர்களைக் கவனித்துக்கொள்கிற ஊழியருக்குப் பெயரே 'பெட்டிக்காரர்' என்றாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வுக் கூட்டத்துக்கு அழைப்பு எழுதுவது ஒன்பது வருடமாக அவர் பாடு. பழைய மெயிலில் தேதியை மாற்றினால் முடிந்தது வேலை. பேசவேண்டியவை எப்போதும் அதே நாலு வரிதான்: விற்பனை அளவு, திரும்பி வந்த பெட்டிகள், அடுத்த மூன்று மாதத் தேவை, நேரத்துக்கு அனுப்பிய சதவீதம்.

அந்தக் கடைசி வரிதான் இந்தத் தடவை முள்ளாகக் குத்தியது. அதில் போட்டிருந்த தொண்ணூற்றாறு சதவீதம் என்பது லாரி இங்கிருந்து கிளம்பிய தேதியை வைத்துப் போட்ட கணக்கு. போய்ச் சேர்ந்த தேதியை யார் கேட்டார்கள்? போன மாதம் பெட்டி வராமல் பிஸ்கட் கம்பெனியில் இரண்டு தடவை மெஷினை நிறுத்தியது அவருக்குத் தெரியும்.

"முழுப் பூசணிக்காய எத்தன நாளைக்குச் சோத்துல மறைக்கிறது?" என்று முணுமுணுத்தபடி ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டார்: 'உங்கள் கேட்டுக்குள் லாரி நுழைந்த தேதிகளையும் கொண்டுவரவும்.'

நகலைப் பார்த்த மேனேஜர் பாய்ந்து வந்தார். "சும்மா கிடந்த சங்க ஏன்யா ஊதிக் கெடுத்தீங்க?"

இவர் வாயைத் திறப்பதற்குள் பிஸ்கட் கம்பெனியின் கொள்முதல் அதிகாரியம்மா பதில் எழுதிவிட்டார்:

'அந்தக் கணக்கை ஒவ்வொரு கூட்டத்துக்கும் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். நேரத்துக்கு வந்து சேர்ந்தது எழுபத்தொரு சதவீதம். நீங்களாகக் கேட்பீர்கள் என்று பார்த்துப் பார்த்து, போன வாரம்தான் வேறு பெட்டிக் கம்பெனியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம்.'